ஜப்பானில் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

நிஷிகசாயிலும் ஃபுனபோரியிலும் ஒஜிமாவிலும் இருக்கும் உங்களை மனதில் வைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். யோகோஹாமாவிலோ நகோயாவிலோ இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஹொய்குஎன் என்று நாம் சொல்லும் காப்பகத்தில் இருந்து தினமும் மாலையில் செயலியில் ஒரு குறிப்பு வருகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அதை ஒருவர்தான் படிக்கிறார். ஜப்பானிய மொழி கொஞ்சம் தெரிந்தவர் யாரோ அவர். மற்றவர் படத்தை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடுகிறார். சில வீடுகளில் முழுக் குறிப்பையும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, அது சொல்வதில் பாதியை நம்பி, மீதியை விட்டுவிடுகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். சாப்பாடு, மதியத் தூக்கம், அழைத்துப் போகிறவர் என்ற மூன்று பகுதிகளை வீட்டில் பெரியவர்கள் இருவருமே ஜப்பானிய எழுத்திலேயே படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருவது முப்பது சொல்லுக்குள்தான். அப்புறம், காப்பகம் எதையாவது செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், காலையில் செயலியில் நீங்கள் நிரப்பும் குறிப்பின் உரைப்பகுதியில் அதை எழுதாதீர்கள். அதற்கென்று இருக்கும் கட்டத்தில் போடுங்கள். இந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

குறிப்பு எப்போது எழுதப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். 0 முதல் 2 வயது வரையான வகுப்புகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் குறிப்பு உண்டு. 3 வயது வகுப்பில் இருந்து பெரும்பாலான இடங்களில் வகுப்புக்கே பொதுவாக ஒன்றுதான். தனிக் குறிப்பைக் காப்பக ஆசிரியர்களான சென்செய்கள் பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறார்கள். அதனால் மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகு நடந்தது பலநாள் அதில் இருக்காது. விழுந்தது, உடம்பு சுட்டது, இன்னொரு பிள்ளை கடித்தது எல்லாம் வாசலில் வாயால் சொல்லப்படும். குறிப்பில் ஒன்றும் இல்லை என்பதற்காக, நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1 வயது வகுப்பில் இப்படி ஒரு குறிப்பு வரும்:

```
昼食　主食 完食／主菜 半分／副菜 ひと口／汁 おかわり
午睡　12:20～13:05　13:30～14:30
検温　10:00 36.8　15:00 37.4
排便　1回 軟便
お迎え　18:00 父
```

ஐந்து வரிதான். இதைப் படிக்கத் தெரிந்தால் அன்றைய நாளில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதல் வரி மதியச் சாப்பாடு. 主食 என்பது சோறு, ரொட்டி, நூடுல்ஸ் போன்ற அடிப்படை உணவு. 主菜 மீன், இறைச்சி, முட்டை, டோஃபு போன்ற முக்கியப் பதார்த்தம். 副菜 காய்கறி. 汁 சூப். எதிரே இருப்பவை அளவுகள்: 完食 முழுக்க முடித்தது, 半分 பாதி, ひと口 ஒரு வாய், おかわり இரண்டாம் முறை கேட்டு வாங்கியது. சில செயலிகளில் இவற்றுக்குப் பதில் ◎, ○, △ என்ற குறிகள் இருக்கும். இந்தக் குழந்தை சோற்றை முடித்திருக்கிறது, சூப்பை இருமுறை குடித்திருக்கிறது, மீனையோ கோழியையோ பாதியோடு விட்டிருக்கிறது, காயைத் தொட்டதோடு சரி. அன்று இரவு பருப்பும் காயும் கொடுக்க வேண்டும் என்று இதைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

完食 என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் ரொம்பச் சந்தோஷப்படுகிறோம். தட்டில் வைத்தது தீர்ந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எவ்வளவு வைத்தார்கள் என்பது அதில் இல்லை. சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு முதலிலேயே குறைவாக வைத்து, முழுக்க முடித்த திருப்தியைக் கொடுப்பது பல காப்பகங்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் வாரக்கணக்கில் 完食 வந்தும் எடை ஏறவில்லை என்றால், குறைத்து வைக்கிறார்களா என்று நேரில் கேளுங்கள்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்த வரியை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். 除去 என்றால் ஒவ்வாத பொருளை எடுத்துவிட்டுக் கொடுத்தது. 代替 என்றால் அதற்குப் பதிலாக வேறொன்று கொடுத்தது. இரண்டும் ஒன்றல்ல. முட்டை ஆகாத பிள்ளைக்கு 除去 மட்டும் நடந்த நாளில், 主菜 完食 என்று எழுதியிருந்தாலும் மற்ற பிள்ளைகள் சாப்பிட்ட புரதம் அதற்குப் போகவில்லை. செயலியில் வரும் சாப்பாட்டுப் படமும் பொதுத் தட்டின் படமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்கள் பிள்ளையின் சாப்பாடு தனித் தட்டில் பெயர்ச் சீட்டோடு போயிருக்கும். படத்தில் ஆம்லெட்டைப் பார்த்துப் பதறி அழைக்கிறவர்கள் உண்டு. படத்தைப் பார்க்காதீர்கள், மாதத் தொடக்கத்தில் உங்கள் பிள்ளைக்கென்று தனியாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் உணவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இந்தப் பட்டியல் செயலியில் பெரும்பாலும் படமாகவே ஏற்றப்பட்டிருக்கும். எழுத்தைத் தெரிவு செய்து மொழிபெயர்க்க முடியாது. 卵 முட்டை, 乳 பால், 小麦 கோதுமை, 落花生 வேர்க்கடலை, えび இறால் என்று உங்கள் பிள்ளைக்கு ஆகாததன் எழுத்தை மட்டுமாவது கண்ணால் பிடிக்கப் பழகுங்கள்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நேற்று வீட்டில் கொஞ்சம் முட்டை சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை' என்று காலைக் குறிப்பின் உரைப்பகுதியில் எழுதுகிறார்கள். மறுநாள் முதல் காப்பகம் முட்டை கொடுக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. காப்பகங்களுக்கான அரசின் ஒவ்வாமை வழிகாட்டி 2011இல் வந்து 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி மருத்துவர் நிரப்பித் தரும் 生活管理指導表 என்ற படிவத்தை வைத்துத்தான் உணவை நீக்குகிறார்கள். காப்பகத்தில் முழுதாக நீக்குவது, அல்லது நீக்கத்தை முழுதாக விலக்கிக்கொள்வது என்ற இரண்டே நிலைகள். 'கொஞ்சமாகக் கொடுங்கள்' என்ற நடுநிலை கிடையாது. சமையலறையில் அதைப் பிழையில்லாமல் செய்ய முடியாது என்பதே காரணம். நீக்கத்தை விலக்க மருத்துவர் சொன்னால் பெற்றோர் எழுத்துவடிவில் விண்ணப்பம் தர வேண்டும். உரைப்பகுதியில் எழுதும் ஒரு வரி அந்த விண்ணப்பம் ஆகாது.

சைவக் குடும்பங்களுக்கும் ஒரு சொல். 汁 என்று வரும் சூப்பில் மீன் சாறு இருப்பது இங்கே இயல்பு. கட்சுவோ மீன் சீவலோ காய்ந்த சிறு மீனோ போட்டுக் காய்ச்சிய தாஷிதான் அதன் அடிப்படை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் தாஷியை யாரும் அதில் சேர்த்து எண்ண மாட்டார்கள். மத காரணத்துக்கான உணவை ஒவ்வாமை போலக் கையாளும் கட்டாயம் காப்பகத்துக்கு இல்லை. ஓரிடத்தில் மாற்று தருவார்கள், ஓரிடத்தில் வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். சேரும்போதே தாஷி என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் வரி 午睡, மதியத் தூக்கம். மேலே உள்ள குழந்தை 45 நிமிடம் தூங்கி எழுந்து, 25 நிமிடம் விழித்திருந்து, மறுபடி ஒரு மணி நேரம் தூங்கியிருக்கிறது. ஒரே நீட்டாகத் தூங்கும் பிள்ளைக்கு இப்படி உடைந்திருந்தால், அடுத்த வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். வெப்பநிலை காலை 10 மணிக்கு 36.8, மதியம் 3 மணிக்கு 37.4. மலம் ஒருமுறை, இளகலாக. காய் ஒரு வாய்தான், மீனோ கோழியோ பாதிதான். தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. சேர்த்துப் பார்த்தால் ஏதோ காய்ச்சல் தொடங்குகிறது என்று தோன்றும். சென்செய் அதை எழுத மாட்டார். நோயைப் பெயர் சொல்லி எழுதுவது அவர் வேலையில்லை. எண்களை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டியவர் நீங்கள்.

அந்த இரவு குளிப்பாட்டலைத் தவிர்க்கலாம், படுக்கும் முன் ஒருமுறை வெப்பம் பார்க்கலாம், காலையில் எண்ணை உள்ளபடி பதியலாம். காய்ச்சல் மருந்தைக் கொடுத்து வெப்பத்தை இறக்கிவிட்டு 36.9 என்று எழுதி அனுப்புவது மட்டும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் 38 டிகிரிக்கு மேல் போயிருந்தாலோ, காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தாலோ குழந்தையை அனுப்ப வேண்டாம் என்றே அரசின் தொற்றுநோய் வழிகாட்டி சொல்கிறது. பல காப்பகங்கள் 37.5லேயே அழைத்துவிடுகின்றன. காலையில் கொடுத்த மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் மறுபடி ஏறும் நேரம் மதியத் தூக்கத்தோடு சேர்ந்துவிடும்.

தூக்க வரிக்குப் பின்னால் நம் கண்ணில் படாத ஒரு வேலை நடக்கிறது. கைக்குழந்தைகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், 1 வயதுக் குழந்தைகளை 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் தொட்டுப் பார்த்து, மூச்சையும் முகத்தின் நிறத்தையும் கவனித்து, எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதை அம்புக்குறியால் பதிவது டோக்கியோ காப்பகங்களின் முறை. குப்புறப் படுத்தால் மல்லாத்திவிடுவார்கள். தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்களைத் தடுக்கவே இவ்வளவும். இதற்குச் சென்செய்க்கு நம்மிடம் இருந்து ஒரு தகவல் வேண்டும்: இரவு எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, கடைசியாக எப்போது எவ்வளவு பால் குடித்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் தாமதமாகத் தூங்குவது சகஜம். அதை மறைத்து ஒன்பது மணி என்று எழுதினாலோ கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, காலை பதினொரு மணிக்குப் பிள்ளை சொக்கிப் போவதற்குக் காரணம் தெரியாமல் அவர்கள் உடல்நிலையைத்தான் சந்தேகிப்பார்கள். பதினொன்றரைக்குத் தூங்கினால் 23:30 என்றே போடுங்கள். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

இனி கடைசி வரி. お迎え, ஒமுகாயே, பிள்ளையை அழைத்துப் போவது. மேலே 18:00 父 என்று இருக்கிறது. ஆறு மணிக்கு அப்பா வருவார் என்று பொருள். 母 அம்மா, 祖母 பாட்டி, 祖父 தாத்தா, その他 வேறொருவர். இந்த வரி காப்பகம் நமக்குச் சொல்வதாகத் தோன்றினாலும், காலையில் நாம் பதிந்ததுதான் திரும்பி நிற்கிறது.

என் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு குடும்பம். மதுரையில் இருந்து அப்பத்தா 90 நாள் விசாவில் வந்திருந்தார். ஒருநாள் அப்பாவுக்கு மாலையில் வேலை இருந்ததால், 'இன்று பாட்டி வருவார்' என்று காலைக் குறிப்பின் உரைப்பகுதியில் மொழிபெயர்த்து எழுதினார்கள். கட்டத்தில் 父 என்று இருந்ததை மாற்றவில்லை. காலையில் வகுப்புச் சென்செய் அதைப் படித்தார். ஆனால் அவருடைய பணிநேரம் மாலை ஐந்துக்கு முடிந்துவிட்டது. ஆறு மணிக்கு வாசலில் நின்றவர் வேறு வகுப்பின் சென்செய். மாலையில் மீதமிருக்கும் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்துவிடுவார்கள், அந்த நேரத்தைப் பிந்தைய முறைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் கையில் இருந்தது பெயரும் நேரமும் அழைத்துப் போகிறவரும் மட்டுமுள்ள பட்டியல். அதில் 父. எதிரே நின்றது புடவை கட்டிய, ஜப்பானிய மொழி தெரியாத, பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா. பேத்தி கையை நீட்டி அழுதாலும் சென்செய் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அப்பா தொலைபேசியை எடுக்கும் வரை அப்பத்தா வாசலிலேயே காத்திருந்தார். அவர் மனம் நொந்தது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சென்செய் செய்தது முழுக்கச் சரி. நாளை யாரோ ஒருவர் வந்து 'நான்தான் சித்தி' என்றால், இதே உறுதிதான் நம் பிள்ளையைக் காக்கும்.

இதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, அழைத்துப் போகத் தகுதியுள்ளவர்களின் பதிவு. உறவுமுறையும் தொலைபேசி எண்ணும், சில இடங்களில் படமும் கேட்பார்கள். இரண்டாவது, இன்று வருகிறவர். அதை அன்றைய கட்டத்தில் போட வேண்டும். மூன்றாவது, காலைப் பதிவு முடிந்த பிறகு வரும் மாற்றம். அதற்குச் செயலியை நம்பாமல் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மாலை நேரத்தில் செயலியை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வகுப்பையும் பிள்ளையின் பெயரையும் சொல்லிவிட்டு, 'க்யோ நோ ஒமுகாயே கா, சிச்சி காரா சோபோ நி கவாரிமாஸ்' என்றால் போதும். இன்று அழைத்துப் போகிறவர் அப்பாவில் இருந்து பாட்டிக்கு மாறுகிறது என்று அர்த்தம். முதல் அடுக்கில் இல்லாதவரை இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சேர்த்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். சின்ன அண்ணன் அக்காவை அனுப்புவதையும் வயது சொல்லி மறுக்கும் காப்பகங்கள் உண்டு.

முதல் அடுக்கில்தான் தமிழர்களான நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. செயலியில் 姓, 名 என்று இரண்டு கட்டங்கள், குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பிள்ளைக்கு அப்பா பெயர், அப்பாவுக்குத் தாத்தா பெயர், அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயரோ கணவர் பெயரோ, பாட்டிக்கு அவருடைய கணவர் பெயர். ஒரே வீட்டில் நாலு பேருக்கு மூன்று குடும்பப் பெயர் வரை நிற்கும். ஒரே 姓 இருந்தால் ஒரே குடும்பம் என்று பார்த்துப் பழகிய சென்செய்க்கு, நாம் வெவ்வேறு வீட்டுக்காரர்கள் போலத் தெரியும். இதன்மேல் கத்தகானா வேறு. பாஸ்போர்ட்டில் MEENAKSHI என்று இருப்பது ஒருவர் கையில் ミーナクシ ஆகும், இன்னொருவர் கையில் ミナクシ ஆகும். வாசலில் பாஸ்போர்ட்டை நீட்டினால் அதில் கத்தகானாவே இருக்காது. வாசலில் நிற்பவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே கத்தகானா வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பெயர்க் கட்டம் ரோமன் எழுத்தை ஏற்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அதே வரிசையில் போடுங்கள். ஏற்காவிட்டால் குறிப்புக் கட்டத்தில் ரோமன் பெயரைச் சேர்த்து வைக்கும்படி சென்செய்யிடம் கேளுங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வோம் என்பதை ஒருமுறை நேரில் விளக்குங்கள். அப்பத்தாவோ அம்மாச்சியோ வந்து இறங்கியதும் பிள்ளையை விடும் நேரத்தில் கூடவே கூட்டிப் போய், சென்செய்களுக்குக் காட்டி, பாஸ்போர்ட்டையும் காட்டுங்கள். வெளியே போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்பது குறுகிய கால விசாவில் வருகிறவர்களுக்கு எப்படியும் சட்டம்தான்.

வருகிறவருக்கு வாசலில் உள்ள திரையில் வெளியேறும் நேரத்தைப் பதியவும் கற்றுக்கொடுங்கள். QR அட்டையோ ஐசி அட்டையோ, எதுவானாலும் அவர் கையில் ஒன்று இருக்கட்டும். பதியாமல் வந்துவிட்டால் செயலியில் பிள்ளை இன்னும் உள்ளே இருப்பதாகவே நிற்கும். 8 மணி நேர வகையிலோ 11 மணி நேர வகையிலோ சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கூடுதல் நேரக் கட்டணமும் ஏறலாம். கட்டணத்தைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். நிலநடுக்கம் வந்து தலை எண்ணும்போது கணக்கு தப்பாக நிற்பதுதான் பெரிய விஷயம்.

வராத நாளையும் இதே கவனத்தோடு பதியுங்கள். 2022 செப்டம்பரில் ஷிஸுஓகா மாகாணத்தின் மகினோஹாராவில் 3 வயதுச் சிறுமி ஒருத்தி பேருந்திலேயே விடப்பட்டு வெப்பத்தில் இறந்தாள். அவள் வகுப்பில் இல்லை என்பதைப் பார்த்தும் பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணிச் சரிபார்ப்பது கட்டாயமாகிவிட்டது. தகவல் இல்லாமல் வராத பிள்ளையின் வீட்டுக்கு இப்போது உடனே அழைப்பு வருகிறது. வரவில்லை என்பதற்கான 欠席 என்பதைப் பதியாமல் நீங்கள் வீட்டில் இருந்தால், நிஜமாகவே காணாமல் போன பிள்ளையைத் தேட வேண்டிய சென்செய் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். அழைப்பு வந்தால் எரிச்சல் படாமல் எடுங்கள்.

பெற்றோர் கூட்டமோ தனிச் சந்திப்போ வரும்போது நாம் சேர்ந்து ஒன்று கேட்கலாம். அழைத்துப் போகிறவர் பதிவில் ரோமன் பெயருக்கு ஒரு கட்டம், மாதச் சாப்பாட்டுப் பட்டியல் படமாக இல்லாமல் எழுத்தாக. காப்பகத்துக்கும் வார்டு அலுவலகத்தின் குழந்தைப் பராமரிப்புப் பிரிவுக்கும் இரண்டையும் எழுதிக் கொடுக்க நான் தயார். உங்கள் காப்பகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். யார் வீட்டுக்காவது இந்த விடுமுறையில் பாட்டி தாத்தா வருகிறார்கள் என்றால், விமானச் சீட்டு எடுத்த வாரத்திலேயே பதிவுப் படிவத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
நிஷிகசாயில் இருந்து ஓர் அம்மா